வீட்டிலேயே செய்து விற்கும் அழகுப் பொருளின் பெயரை டிரேட்மார்க் ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரேட்மார்க் விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் வீட்டில் கூந்தல் எண்ணெய், சோப்பு, முகப்பூச்சு செய்து விற்பவர்கள். நாடு மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, கீழே பதிலும் வைத்திருக்கிறேன். கட்டணமும் படிவமும் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே சொல்லியிருப்பது பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவானது. வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

தொழில் பெயரைப் பதிவு பண்ணியாச்சு, வெப்சைட் பேரும் வாங்கியாச்சு. அது போதாதா?

போதாது. தொழிலைப் பதிவு செய்வது "இந்தப் பெயரில் ஒரு தொழில் நடக்கிறது" என்று அரசுக்குத் தெரிவிப்பது. வெப்சைட் முகவரி வாங்குவது இணையத்தில் ஓர் இடம் பிடிப்பது. இன்ஸ்டாகிராம் பெயரும் அப்படித்தான். இவற்றில் எதுவுமே, இன்னொருவர் அதே பெயரை எண்ணெய் பாட்டிலில் ஒட்டி விற்பதைத் தடுக்கும் உரிமையை உங்களுக்குத் தராது.

அந்த உரிமையைத் தருவது டிரேட்மார்க் பதிவு. இன்ன நாட்டில், இன்ன பொருட்களுக்கு, இந்தப் பெயர் இவருக்கு மட்டும் என்று அது சொல்கிறது. "இன்ன நாட்டில்", "இன்ன பொருட்களுக்கு" என்ற இரண்டையும் நினைவில் வையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த இரண்டில்தான் இருக்கிறது.

மாசம் முப்பது நாப்பது பாட்டில்தான் போகுது. பெருசா வளர்ந்தப்புறம் பண்ணிக்கலாமே?

உங்கள் உரிமை பெரும்பாலும் விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து கணக்காகிறது. சான்றிதழ் வர மாதங்கள் ஆகலாம், சில இடங்களில் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். ஆனால் வந்த பிறகு, விண்ணப்பித்த நாளிலிருந்தே அந்தப் பெயர் உங்களுடையது என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பிறகு விண்ணப்பித்தவர் உங்களைவிடப் பெரிய ஆளாக இருந்தாலும் வரிசையில் அவர் பின்னால்தான். சீனா போன்ற நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை. அமெரிக்கா, இந்தியா போன்ற நாடுகளில் முதலில் பயன்படுத்தியவருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அதை அவர்தான் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும்.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. முப்பது பாட்டில் போகும்போது பெயரை மாற்றினால் நஷ்டம் ஒரு கட்டு லேபிள். மூவாயிரம் போகும்போது மாற்றினால் லேபிள், பெட்டி, முத்திரை, வாடிக்கையாளர் எழுதிய விமர்சனங்கள், தேடினால் முதலில் வரும் இடம் எல்லாம் சேர்ந்து போகும். விற்க ஆரம்பிக்கும் முன்பேகூட விண்ணப்பிக்கலாம், பெரும்பாலான நாடுகள் அதை ஏற்கின்றன. அமெரிக்காவில் பொதுவாக, விண்ணப்பத்தை முன்கூட்டியே போட்டாலும், விற்பனையில் பெயரைப் பயன்படுத்தியதைக் காட்டிய பிறகே பதிவு கிடைக்கும். என்னைக் கேட்டால், முதல் பெரிய லேபிள் ஆர்டர் கொடுக்கும் முன் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

என் எண்ணெய்க்கு "கருங்கூந்தல்"னு பேர் வச்சிருக்கேன். எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. இது பதிவாகாதுன்னு சொல்றாங்களே, ஏன்?

பெயர் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கூந்தல் எண்ணெய்க்கு அது பெயரே இல்லை, வர்ணனை. கூந்தல் எண்ணெய் விற்கும் ஒவ்வொருவரும் தன் பாட்டிலில் "கருங்கூந்தலுக்கு" என்று எழுத வேண்டியிருக்கும். அந்தச் சொல்லை ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் பொருளைப் பற்றிப் பேசவே முடியாது. அதனால்தான் பொருளின் தன்மை, பயன், சேரும் மூலப்பொருள், செய்யப்படும் ஊர் ஆகியவற்றை அப்படியே சொல்லும் பெயர்களைப் பதிவு அலுவலகங்கள் மறுக்கின்றன. "இயற்கை", "ஹெர்பல்", "ஆர்கானிக்", "க்ளோ" என்று முன்னும் பின்னும் ஒட்டினாலும் அது தேறாது. எல்லாரும் ஒட்டும் சொற்கள் அவை.

வீட்டுத் தயாரிப்பாளர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஏன் செய்கிறார்கள் என்றும் புரிகிறது. விளம்பரத்துக்குப் பணம் இல்லாதபோது, பெயரே பொருளை விளக்கிவிட வேண்டும் என்று தோன்றும். விளக்கட்டும், ஆனால் அந்த வேலையைப் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்துக்குக் கொடுங்கள். பெரிய எழுத்தில் உங்கள் பெயர், அதன் கீழே "கருங்கூந்தலுக்கான மூலிகை எண்ணெய்". இரண்டும் ஒரே லேபிளில் இருக்கலாம். பதிவு செய்வது மேலே இருப்பதை மட்டும்.

பல ஆண்டுகள் பெரிய அளவில் விற்று, மக்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்கள் பொருளைத்தான் நினைக்கிறார்கள் என்று நிரூபித்தால் வர்ணனைப் பெயரும் பதிவாகலாம். அதற்கு விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, வாடிக்கையாளர் சாட்சியம் எல்லாம் வேண்டும். வீட்டில் தொடங்கும் ஒருவர் அதை நம்பி இறங்கக் கூடாது.

அப்போ எப்படிப்பட்ட பேர் நிக்கும்?

பொருளோடு நேரடிச் சம்பந்தம் எவ்வளவு குறைகிறதோ, பெயர் அவ்வளவு வலுவாக நிற்கும். அகராதியில் இல்லாத, நீங்களே உருவாக்கிய சொல்தான் மிக வலுவானது. "கோடாக்" அப்படி உருவானது. ஜார்ஜ் ஈஸ்ட்மன் எழுத்துகளைக் கோத்து உருவாக்கிய சொல் அது, எந்த மொழியிலும் பொருள் கிடையாது. அடுத்தது, இருக்கும் சொல்லைச் சம்பந்தமில்லாத பொருளுக்கு வைப்பது. "டவ்" என்றால் புறா, அது சோப்பின் பெயராகியிருக்கிறது. அதற்கும் அடுத்தது, நேராகச் சொல்லாமல் குறிப்பாக உணர்த்துவது. "நிவியா" என்ற பெயர் பனியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெண்மையான கிரீம் என்று யோசித்தால்தான் தொடர்பு பிடிபடும்.

"கருங்கூந்தல்" வைத்திருந்தவரோடு உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கப் பெயர் தேடினோம். கடைசியில் அவர் எடுத்ததை இங்கே "நீலத்தூவி" என்று மாற்றிச் சொல்கிறேன். தூவி என்றால் இறகு. எண்ணெய்க்கும் இறகுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மென்மையும் மினுமினுப்பும் காதில் விழும்போதே வந்துவிடுகிறது. இனி வரும் பதில்களிலும் இந்தப் பெயரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

என் பொண்ணு பேரையே வச்சிடலாமா?

வைக்கலாம், பலர் வைக்கிறார்கள். ஆனால் பொதுவான பெயராக இருந்தால் அதே பெயரை முன்பே யாராவது அழகுப் பொருளுக்குப் பதிந்திருக்க வாய்ப்பு அதிகம். சில நாடுகளில் குடும்பப் பெயர் மட்டும் என்றால் எளிதில் தரமாட்டார்கள். தவிர, நாளைக்குத் தொழிலை விற்க நேர்ந்தால் உங்கள் மகளின் பெயரும் அதோடு போகும். அதை வீட்டில் பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேர் வேற யார்கிட்டயாவது இருக்கான்னு எப்படித் தேடறது? கூகுள்ல ஒண்ணும் வரல.

கூகுளில் வராதது ஒரு நல்ல அறிகுறி, அவ்வளவுதான். முதலில் உங்கள் நாட்டு டிரேட்மார்க் அலுவலகத்தின் தேடல் பக்கத்துக்குப் போங்கள், அநேகமாக எல்லா நாட்டிலும் இலவசம். அதற்குப் பிறகு உலக அறிவுசார் சொத்து அமைப்பின் Global Brand Database, ஐரோப்பிய ஒன்றிய அலுவலகம் நடத்தும் TMview இரண்டிலும் பாருங்கள். இரண்டும் பல நாடுகளின் பதிவுகளை ஒன்றாகத் தேடித் தரும், காசு கேட்காது.

தேடும் முறையில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். தன் எழுத்துக்கூட்டலை அப்படியே தட்டிப் பார்த்துவிட்டு "யாரும் இல்லை" என்று மூடிவிடுவார்கள். அலுவலகத்தில் விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் பரிசோதகர் அப்படிப் பார்க்கமாட்டார். காதில் ஒன்றுபோலக் கேட்கிறதா, பார்க்க ஒன்றுபோல இருக்கிறதா, பொருள் ஒன்றா என்று மூன்று விதமாகவும் பார்ப்பார். "நீலத்தூவி"க்கு நாங்கள் தேடிய விதத்தைச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் `Neelathoovi`, `Nilathuvi`, `Neelatuvi` என்று முழுப்பெயரை மாற்றி மாற்றித் தட்டினோம். பிறகு `Thoovi`, `Thuvi`, `Tuvi` என்று பின்பாதியை மட்டும். தமிழ் எழுத்திலும் ஒருமுறை. கடைசியாக அதன் பொருளான `Blue Feather`. ஒவ்வொரு முறையும் முடிவுகளை 3, 5, 35, 44 ஆகிய வகுப்புகளுக்குச் சுருக்கிப் பார்த்தோம். வகுப்பு என்றால் என்ன என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

ஒரே ஒரு பதிவு எங்களை நிறுத்தியது. பின்பாதி ஒத்துப்போகும் பெயர், அதே 3ஆம் வகுப்பு, நிலை "காலாவதி" என்று இருந்தது. காலாவதி என்றால் காலி என்று அர்த்தமில்லை. புதுப்பிக்கக் கெடு முடிந்த பிறகும் பொதுவாக ஆறு மாத அவகாசம் உண்டு. அந்த அவகாசம் தாண்டியிருக்கிறதா, பொருள் இன்னும் கடைகளில் ஓடுகிறதா என்று பார்த்தோம். பதிவு போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, அந்தப் பெயரில் எங்கும் விற்பனையும் இல்லை. அதன் பிறகுதான் முன்னேறினோம். இணையச் சந்தைகளிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒருமுறை தேடுங்கள். பதிவே செய்யாமல் விற்பவருக்கும் சில நாடுகளில் உரிமை உண்டு என்று முன்பே சொன்னேன்.

என் பேர் ஒரு துணிக்கடைக்காரர்கிட்ட இருக்கு. அவர் சட்டைதானே விக்கிறார், நான் சோப்புக்கு வச்சுக்கலாமா?

பெரும்பாலும் வைக்கலாம். பதிவு பொருளோடு கட்டப்பட்டது என்று முதல் பதிலில் சொன்னது இதற்குத்தான். சட்டை வாங்குபவர் சோப்பைப் பார்த்து "அவர்களே செய்தது" என்று நினைப்பாரா என்பதுதான் கேள்வி. நினைக்கமாட்டார் என்றால் இரண்டும் சேர்ந்து இருக்கலாம்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, ஊருக்கெல்லாம் தெரிந்த பெரிய பிராண்டின் பெயர் எந்தப் பொருளுக்கும் வேண்டாம். அவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு பொருளைத் தாண்டியும் நீளும். இரண்டு, வகுப்பு எண் வேறாக இருந்தாலும் பொருட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். பார்லர் நடத்துபவர் ஒரு வகுப்பிலும் முகக் கிரீம் விற்பவர் இன்னொரு வகுப்பிலும் இருப்பார்கள். ஆனால் பார்லர் பெயரிலேயே கிரீம் வருவது சகஜம். அங்கே மோதல் வரும்.

எந்த வகுப்புல போடணும்? நான் எண்ணெய், சோப்பு விக்கிறேன், வீட்டுலயே ஃபேஷியலும் பண்றேன்.

உலகில் பெரும்பாலான நாடுகள் பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கும் நீஸ் வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன. 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். உங்களுக்கு முதலில் வேண்டியது 3ஆம் வகுப்பு. கூந்தல் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, கிரீம், லிப்ஸ்டிக், வாசனைத் திரவியம், ஒட்டுநகம்கூட அதில்தான் வரும். ஃபேஷியல், ஹேர் ஸ்பா போன்ற அழகு சேவைகள் 44ஆம் வகுப்பு. மற்றவர்களின் பொருட்களையும் சேர்த்துக் கடையாக விற்றால் 35. நீங்கள் செய்ததை நீங்களே விற்பதற்கு 35 கட்டாயமில்லை, இதை நம்பாமல் வீணாகப் பணம் கட்டுபவர்கள் பலர். மேக்கப் பிரஷ், சீப்பு விற்கத் திட்டம் இருந்தால் 21. வகுப்புக்கு ஏற்பக் கட்டணம் ஏறும் என்பதால், இன்று செய்வதையும், உண்மையிலேயே அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் செய்யப் போவதையும் மட்டும் எடுங்கள்.

வகுப்பு எண்ணைவிட முக்கியம், அதற்குள் நீங்கள் எழுதும் பொருள் பட்டியல். விண்ணப்பம் போன பிறகு பட்டியலைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. ஒருவர் "கூந்தல் எண்ணெய்" என்று மட்டும் எழுதிப் பதிந்துவிட்டு, அடுத்த ஆண்டு சோப்பு இறக்கினார். சோப்புக்குப் புது விண்ணப்பம், புதுக் கட்டணம், புதுத் தேதி. "நீலத்தூவி"க்கு நாங்கள் எழுதியது: கூந்தல் எண்ணெய், ஷாம்பு, கூந்தலுக்கான பூச்சுகள், குளியல் சோப்பு, முகத்துக்கும் உடலுக்குமான கிரீம், மருத்துவப் பயன்பாடு அல்லாதவை. கூடவே 44இல் அழகு பராமரிப்புச் சேவை.

பொடுகு போகும், முடி கொட்டறது நிக்கும்னு லேபிள்ல போட்டிருக்கேன். அதுவும் 3ஆம் வகுப்புதானே?

சாதாரண ஷாம்பு 3, மருந்து கலந்த ஷாம்பு 5. சோப்புக்கும் அப்படியே. பொருள் நோயைக் குணமாக்கும் என்று சொன்னால் அது 5ஆம் வகுப்புப் பக்கம் போகும். டிரேட்மார்க்கைவிடப் பெரிய விஷயம், அப்படிச் சொல்வதால் மருந்துக்கான விதிகளுக்குள் நீங்கள் வந்துவிடலாம். லேபிள் வாசகத்தை முதலில் சரிசெய்யுங்கள், வகுப்பு தானாகத் தெளியும். அப்புறம், டிரேட்மார்க் கிடைத்தால் பொருளை விற்க அனுமதி கிடைத்தது என்று ஆகாது. அழகுப் பொருளுக்கான உரிமமும் பாதுகாப்பு விதிகளும் தனி.

லோகோவோட சேர்த்துப் பதியணுமா, வெறும் எழுத்து போதுமா?

ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் வெறும் எழுத்து. எழுத்தாகப் பதிந்தால் எந்த வடிவத்தில், எந்த நிறத்தில் எழுதினாலும் அந்தச் சொல் உங்களுடையது. லோகோவாகப் பதிந்தால் அந்தப் படம் மொத்தமாகத்தான் பாதுகாக்கப்படும். இரண்டாண்டில் லோகோவை மாற்றுவீர்கள், எல்லாரும் மாற்றுகிறார்கள். பழைய படத்தின் பதிவு புதிய லேபிளுக்கு முழுசாக உதவாது. பலவீனமான பெயரை அழகான படத்துக்குள் வைத்துப் பதிந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பதிவாகலாம், ஆனால் கிடைப்பது படத்துக்கான உரிமை. "கருங்கூந்தல்" என்று இன்னொருவர் வேறு எழுத்தில் எழுதினால் நிறுத்த முடியாது.

லோகோவை வேறொருவர் வரைந்திருந்தால், காசு கொடுத்துவிட்டீர்கள் என்பதாலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. பல நாடுகளில் அது வரைந்தவரிடமே இருக்கும். "இந்த வடிவமைப்பின் எல்லா உரிமைகளையும் இன்னாருக்கு மாற்றித் தருகிறேன்" என்று கையெழுத்துடன் ஒரு தாள் வாங்கிவிடுங்கள். வேலை முடிந்து பணம் கொடுக்கும் அன்றே வாங்கினால் எளிது.

தமிழ் எழுத்துல பதிஞ்சா இங்கிலீஷ் எழுத்துல எழுதினாலும் செல்லுமா?

ஒலி ஒன்றாக இருப்பதால் இன்னொருவரை எதிர்க்க உதவும். ஆனால் நீங்கள் உண்மையில் எந்த எழுத்தில் விற்கிறீர்களோ அதில் பதிவு இருப்பதுதான் பத்திரம். லேபிளில் ஆங்கில எழுத்து பெரிதாக இருந்தால் அதை முதலில் போடுங்கள். வேற்று மொழிச் சொல்லாக இருந்தால் விண்ணப்பத்தில் ஒலிபெயர்ப்பும் பொருளும் கேட்பார்கள். "தூவி என்றால் இறகு" என்று உண்மையை எழுதுங்கள். பொருளை மறைத்து, பின்னால் அது வர்ணனைச் சொல் என்று தெரியவந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

நானும் தங்கச்சியும் சேர்ந்து பண்றோம். யார் பேர்ல போடறது?

தனி நபராகவே விண்ணப்பிக்கலாம், கம்பெனி தேவையில்லை. ஆனால் இரண்டு பேர் உழைப்பு என்றால் ஒருவர் பெயரில் மட்டும் போடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் விண்ணப்பதாரர்தான் சொந்தக்காரர். பிரியும்போது "சும்மா அவ பேர்ல போட்டோம்" என்பது எடுபடாது. கூட்டாக இருவர் பெயரிலோ, கூட்டு நிறுவனத்தின் பெயரிலோ போடுங்கள். யாராவது விலகினால் பெயர் யாரிடம் இருக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பின்னால் கம்பெனி தொடங்கினால் எழுத்து மூலம் அதற்கு மாற்றிக்கொடுக்கலாம்.

விண்ணப்பம் போட்டுட்டேன். இப்போ ஆட்சேபம்னு ஒரு கடிதம் வந்திருக்கு. அவ்வளவுதானா?

இல்லை, இது வழக்கமான ஒரு கட்டம். பரிசோதகர் ஏதோ கேட்கிறார், நீங்கள் பதில் சொல்ல வேண்டும். கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது கெடு தேதி. அதைத் தவறவிட்டால் நல்ல விண்ணப்பமும் கைவிட்டதாகிவிடும். அடுத்து, ஆட்சேபம் எந்த ரகம் என்று பாருங்கள். "பொருள் பட்டியல் தெளிவாக இல்லை" என்றால் திருத்தி அனுப்பினால் போதும். "முன்பே இருக்கும் பெயரோடு ஒத்திருக்கிறது" என்றால், அந்தப் பெயரைத் திறந்து அவருடைய பொருள் பட்டியலைப் படியுங்கள். அவர் தரை துடைக்கும் திரவம் மட்டும் விற்கலாம், 3ஆம் வகுப்பில் அதுவும் உண்டு. வித்தியாசத்தைச் சொல்லி, தேவையானால் உங்கள் பட்டியலைச் சுருக்கி வாதிடலாம். "பெயர் வர்ணனை" என்றால்தான் கஷ்டம், காரணம் மேலே சொல்லியாயிற்று.

அதைத் தாண்டினால் பெயரை வெளியிடுவார்கள். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்க ஒரு கால அளவு உண்டு. அமெரிக்காவில் 30 நாள், ஐரோப்பிய ஒன்றியத்தில் 3 மாதம், இந்தியாவில் 4 மாதம். சில அலுவலகங்கள் எதிர்ப்புக் கட்டத்தைப் பதிவுக்குப் பின் வைத்திருக்கின்றன. சான்றிதழ் வரும்வரை பெயருக்குப் பக்கத்தில் ™ போடலாம். ® பதிவான பின் மட்டும். முன்பே போடுவது பல நாடுகளில் குற்றம்.

அலுவலகத்துலேருந்து வந்த மாதிரியே பணம் கட்டச் சொல்லி ஒரு கடிதம். கட்டணுமா?

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். பெயர் வெளியானதும் உங்கள் முகவரி பொதுப் பதிவேட்டில் தெரியும். அதைப் பார்த்து "பதிவேட்டில் சேர்க்கக் கட்டணம்" என்று முத்திரை, சின்னம் எல்லாம் போட்டு அனுப்புகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். உலக அறிவுசார் சொத்து அமைப்பே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கொண்டு அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் உள்நுழைந்து பாருங்கள். அங்கே நிலுவை காட்டவில்லை என்றால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

வெளிநாட்டுல ஒருத்தர் மொத்தமா கேக்கறார். அங்கேயும் பதியணுமா?

பொருள் அங்கே போகுமுன் பதியுங்கள். முதல் நாட்டில் விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் இன்னொரு நாட்டில் போட்டால், பாரிஸ் உடன்படிக்கையின் கீழ் முதல் தேதியையே அங்கும் கோரலாம். இடையில் அங்கே வேறொருவர் போட்டிருந்தாலும் நீங்கள் முன்னால் நிற்பீர்கள். பல நாடுகள் என்றால் மாட்ரிட் முறை இருக்கிறது, உங்கள் நாடும் அவையும் அதில் உறுப்பினராக இருந்தால் ஒரே விண்ணப்பத்தில் நாடுகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முதல் 5 ஆண்டுகளுக்கு எல்லாம் சொந்த நாட்டுப் பதிவைச் சார்ந்தே நிற்கும். அது விழுந்தால் மற்றவையும் விழும். எனவே சொந்த நாட்டில் பலவீனமான பெயரோடு மாட்ரிட் பக்கம் போகாதீர்கள்.

"அங்கே நானே என் பெயரில் பதிந்து தருகிறேன், உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று விநியோகஸ்தர் அன்பாகச் சொல்வார். நல்ல மனிதராகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அந்த நாட்டில் பெயர் அவருடையதாகிவிடும், அவரோடு வியாபாரம் முறிந்தால் உங்கள் பாட்டிலையே அங்கே நீங்கள் விற்க முடியாது.

மூணு வருஷமா விக்கிறேன், பதியல. போன மாசம் யாரோ அதே பேருக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும், ஆனால் நாள் எண்ணிச் செய்ய வேண்டும். அவருடைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். எதிர்ப்புக் காலம் தொடங்கவில்லை என்றால் நல்லது, தினமும் கவனித்துக்கொண்டிருங்கள். தொடங்கியிருந்தால் அதற்குள் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் சொந்த விண்ணப்பத்தையும் உடனே போடுங்கள், எந்த நாளிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று அதில் கேட்கும் இடம் இருந்தால் சரியான தேதியோடு.

முன்பயன்பாட்டை மதிக்கும் நாடு என்றால் உங்கள் ஆதாரம்தான் எல்லாம். முதல் கூரியர் ரசீது, லேபிள் அச்சடித்த பில், தேதியோடு இருக்கும் பதிவுகள், வாடிக்கையாளர் பணம் அனுப்பிய வங்கிக் குறிப்பு என எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் பெயர் தெரிய வேண்டும். "எண்ணெய் 2 பாட்டில்" என்று மட்டும் இருக்கும் பில் உதவாது. முதலில் விண்ணப்பித்தவருக்கே முன்னுரிமை தரும் நாடு என்றால் வழி குறுகும். அங்கே அவர் உங்களை அறிந்தே கெட்ட எண்ணத்தோடு போட்டார் என்று காட்ட வேண்டும். அவர் உங்கள் பழைய வாடிக்கையாளராகவோ, உங்களிடம் வேலை பார்த்தவராகவோ இருந்தால் அந்தத் தொடர்பைக் காட்டும் செய்திகளை அழிக்காமல் வையுங்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் தனியாகப் போராடாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

பதிவு கிடைச்சாச்சு. இனி மறந்துடலாமா?

பெரும்பாலான நாடுகளில் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் பெயர் எத்தனை காலம் வேண்டுமானாலும் உங்களிடம் இருக்கும். அமெரிக்காவில் கூடுதலாக, 5ஆம் ஆண்டு முடிந்து 6ஆம் ஆண்டு முடிவதற்குள் பயன்படுத்துகிறோம் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். பயன்படுத்தாமல் வைத்திருந்தால், நாட்டைப் பொறுத்து 3 அல்லது 5 ஆண்டுக்குப் பிறகு வேறொருவர் ரத்து செய்யக் கேட்கலாம். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் இது தனித்தனியாகப் பொருந்தும். கிரீம் என்று எழுதிவிட்டு எண்ணெய் மட்டும் விற்றால் கிரீம் பறிபோகலாம்.

"நீலத்தூவி"க்காரர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு புதுத் தொகுதியும் தயாரானதும், பாட்டிலை அன்றைய பில்லின் மேல் நிறுத்தி, பெயரும் தேதியும் ஒரே படத்தில் விழும்படி ஒரு போட்டோ எடுத்து, பொருள்வாரியாகத் தனி ஃபோல்டரில் போட்டுவிடுவார். எண்ணெய்க்கு ஒன்று, ஷாம்புக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று. கிரீம் ஃபோல்டர் போன வருடம்வரை காலியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான், பதிவான நான்காம் ஆண்டில், கிரீமைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.